அந்தப் பக்கம் போனால் ஏன் குறி மாறுகிறது?

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்கு மேல் நாலைந்து பிள்ளைகள் கணக்கு நோட்டோடு என் வீட்டு ஹாலுக்கு வந்துவிடுவார்கள். அதில் ஒருத்தி பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண். நல்ல வேகம், அழகான கையெழுத்து. ஒரு நாள் அவள் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினாள்.

x + 7 = 15
x = 15 − 7
x = 8

விடை சரி. நான் சும்மா கேட்டேன், "அந்த ஏழு எங்கடி போச்சு?"

"அந்தப் பக்கம் போச்சுக்கா."

"போகும்போது ஏன் மைனஸ் ஆச்சு?"

"அந்தப் பக்கம் போனா ப்ளஸ் மைனஸ் ஆயிடும்கா. அதான் ரூல்."

சரி என்று அடுத்ததாக 3x = 12 என்று எழுதிக் கொடுத்தேன். அவள் யோசிக்காமல் x = 12 − 3 = 9 என்று எழுதினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அடித்தாள், அப்புறம் x = 12 ÷ (−3) = −4 என்று எழுதினாள். "பெருக்கல்னா வகுத்தல் ஆகும்ல, கூடவே குறியும் மாறணும்ல?"

இந்த இரண்டு விடைகளையும் பார்த்து "கவனமில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்பதுதான், அந்த வாக்கியத்தை அவள் உண்மையாகத்தான் பின்பற்றினாள். தப்பு அந்த வாக்கியத்தில் இருக்கிறது. நடப்பதை அது சொல்வதில்லை, நடந்து முடிந்த பிறகு தாளில் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதனால் தாளில் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும் கணக்கு வந்தவுடனே கைவிட்டுவிடுகிறது.

அப்படியானால் உண்மையில் என்ன நடக்கிறது? எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை.

முதலில் அந்த = குறியைப் பார்ப்போம். சின்ன வகுப்பிலிருந்தே 3 + 4 = என்று எழுதி, பக்கத்தில் விடையைப் போட்டுப் போட்டு, அந்தக் குறி என்றால் "இதோ விடை வருது" என்று நமக்குப் பதிந்துவிடுகிறது. அதற்கு அந்த அர்த்தம் கிடையாது. இடது பக்கம் இருப்பதும் வலது பக்கம் இருப்பதும் ஒரே எண் என்று சொல்லும் ஒரு முழு வாக்கியம் அது. 1557-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்திய ராபர்ட் ரெக்கார்ட், ஏன் இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ஒரு காரணமும் சொன்னார்: எந்த இரண்டு பொருளும் இதைவிடச் சமமாக இருக்க முடியாது.

x + 7 = 15 என்று எழுதினால், "ஏதோ ஒரு எண், அதோடு ஏழைச் சேர்த்தால் பதினைந்து" என்று ஒருவர் நம்மிடம் சொல்கிறார். காய்கறிக் கடையில் இப்போது எலக்ட்ரானிக் எடை மெஷின் வந்துவிட்டாலும் தட்டுத் தராசைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். ஒரு தட்டில் எடை தெரியாத ஒரு பையும் ஏழு கிலோ கல்லும், மறு தட்டில் பதினைந்து கிலோ கல், முள் நேராக நிற்கிறது. பை எவ்வளவு எடை? இந்தத் தட்டிலிருந்து ஏழு கிலோவை எடுத்தால் தராசு சாயும். சாயாமல் இருக்க அந்தத் தட்டிலிருந்தும் ஏழு கிலோ எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நடுவில் ஒரு வரி இருக்கிறது, அதை எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

x + 7 = 15
x + 7 − 7 = 15 − 7
x = 8

அந்த நடு வரியில்தான் எல்லாமே இருக்கிறது. இடது பக்கம் +7, −7 சேர்ந்து பூஜ்ஜியமாகி மறைந்துவிடுகின்றன. வலது பக்கம் −7 மட்டும் மிச்சம். நடு வரியை விட்டுவிட்டு முதல் வரியையும் மூன்றாவதையும் மட்டும் பார்த்தால் ஏழு தாண்டிக் குதித்து குறி மாறியது மாதிரி தெரிகிறது. சுருக்கமாக எழுதுவதற்காக யாரோ விட்ட வரி, கற்றுக்கொள்பவருக்கு மந்திரமாகிவிட்டது.

இப்போது 3x = 12-க்கு வருவோம். ஒரு தட்டில் ஒரே எடையுள்ள மூன்று பைகள், மறு தட்டில் பன்னிரண்டு கிலோ. இதில் மூன்று கிலோவை எங்கிருந்து எடுப்பது? தட்டில் மூன்று கிலோ கல்லே கிடையாது, மூன்று பைகள்தான் இருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டவுடனே அவளே சொல்லிவிட்டாள், "மூணா பிரிக்கணும்கா, ரெண்டு பக்கமும்." மூன்றில் ஒரு பங்கு இந்தப் பக்கம், மூன்றில் ஒரு பங்கு அந்தப் பக்கம், x = 4. குறி மாறுமா என்ற கேள்வியே எழவில்லை. ஏனென்றால் மூன்றால் வகுக்கிறோம், மைனஸ் மூன்றால் வகுக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம் என்பது தெரிந்தால் எதை மாற்ற வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

இது புதுசும் இல்லை. 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே இது இருக்கிறது. கழித்து எழுதப்பட்டதை இரண்டு பக்கமும் கூட்டிச் சரிசெய்வதற்கு அவர் வைத்த பெயர் "அல்-ஜப்ர்", நாம் "அல்ஜீப்ரா" என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான். அவரிடம் x-உம் கிடையாது, = குறியும் கிடையாது, எல்லாவற்றையும் வாக்கியமாகவே எழுதினார். அதனால் ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறோம் என்று சொல்லாமல் தாண்ட வழியே இல்லை.

தராசு நல்ல உதாரணம்தான், ஆனால் மைனஸ் எண்கள் வந்தால் அது கொஞ்சம் திணறும், மைனஸ் ஐந்து கிலோ கல்லை யாரும் தட்டில் வைக்க முடியாது. அதனால் தராசை ஆரம்பத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அப்புறம் நேராக வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் ஒரே எண், ஒரே எண்ணுக்கு ஒரே செயலைச் செய்தால் வருவதும் ஒரே எண்தான்.

கொஞ்சம் பெரிய கணக்கு ஒன்றை முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ மீட்டர் கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். காத்திருப்புக் கட்டணம், இரவுக் கட்டணம் எதுவும் வேண்டாம். மீட்டரில் 85 ரூபாய் காட்டுகிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

நோட்ஸில் இருக்கும் தீர்த்த கணக்கு எப்போதும் தூரத்தைக் கொடுத்துக் கட்டணத்தைக் கேட்கும். அதை மனப்பாடம் செய்தவர்களிடம் இப்படித் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடும். தூரத்தை d என்று வைத்தால் சமன்பாடு இது.

25 + 12(d − 1.8) = 85

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தப்பு, 25-ஐயும் 12-ஐயும் கூட்டி 37(d − 1.8) = 85 என்று எழுதுவது. ஏன் கூடாது என்று கேட்டால், "பிராக்கெட் முதல்ல, அப்புறம் பெருக்கல், அப்புறம் கூட்டல்" என்று விதியைச் சொல்வார்கள். அந்த விதி உண்மைதான், ஆனால் பரீட்சைப் பதற்றத்தில் அது ஞாபகம் வருமா என்பது வேறு விஷயம். அதற்குப் பதில் 37-க்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். 12 என்பது ஒரு கிலோமீட்டருக்கான ரூபாய். 25 என்பது ஏறி உட்கார்ந்ததற்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் ரூபாய். இரண்டையும் கூட்டிக் கிலோமீட்டரோடு பெருக்கினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த 25 ரூபாயைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதாக ஆகிவிடும். இதைச் சொன்னதும் எந்தப் பிள்ளையும் மறுபடி அந்தத் தப்பைச் செய்து நான் பார்க்கவில்லை, பணம் என்றால் உடனே புரிகிறது.

இப்போது படிகள்.

12(d − 1.8) = 60
d − 1.8 = 5
d = 6.8

முதல் படியில் இரண்டு பக்கமும் 25 கழித்தோம். வலது பக்கத்தில் வந்த 60 என்ன? முதல் 1.8 கிலோமீட்டருக்கான காசு போக மிச்சமிருக்கும் காசு. அடுத்து இரண்டு பக்கமும் 12-ஆல் வகுத்தோம், 5 வந்தது. அந்தக் காசுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்பது அது. கடைசியில் 1.8 கூட்டினோம், ஆரம்பத்தில் கணக்கில் சேராமல் ஒதுக்கி வைத்த தூரம். என் அம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், x என்றாலே "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்பார். இந்தக் கணக்கை வாயால் கேட்டதும் "எண்பத்தஞ்சுல இருபத்தஞ்சு போனா அறுபது, பன்னெண்டால வகுத்தா அஞ்சு, அதோட ஒண்ணு புள்ளி எட்டு" என்று அதே மூன்று படிகளை அதே வரிசையில் சொன்னார்.

அந்த வரிசையும் தற்செயல் கிடையாது. ஏன் முதலில் 25-ஐக் கழித்தோம், ஏன் முதலில் 12-ஆல் வகுக்கவில்லை? தூரத்திலிருந்து கட்டணத்துக்குப் போகும்போது என்ன செய்தோம் என்று பாருங்கள்: முதலில் 1.8 கழித்தோம், அடுத்து 12-ஆல் பெருக்கினோம், கடைசியாக 25 கூட்டினோம். இப்போது திரும்பி வருகிறோம். தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் கிண்டி முதலில் வரும், எழும்பூர் அப்புறம் வரும். பீச்சிலிருந்து திரும்பும்போது எழும்பூர்தான் முதலில். கணக்கும் அப்படித்தான், கடைசியாகச் செய்ததை முதலில் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் அதன் எதிர்ச் செயலால் பிரிக்க வேண்டும்.

முதலில் 12-ஆல் வகுக்கவே கூடாதா என்றால், தாராளமாக வகுக்கலாம். ஆனால் பக்கம் முழுவதையும் வகுக்க வேண்டும், 25-ஐயும் சேர்த்து. 25/12 + (d − 1.8) = 85/12 என்று வரும். அசிங்கமான பின்னங்கள், ஆனால் d = 6.8 தான் கிடைக்கும், போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் செய்வது 25-ஐ அப்படியே விட்டுவிட்டு 25 + (d − 1.8) = 85/12 என்று எழுதுவது. ஒரு பக்கத்தில் இருக்கும் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடுக்கிறோம் என்று நினைவிருந்தால் 25-க்கு மட்டும் விலக்கு கொடுக்கத் தோன்றாது.

இதே சமன்பாட்டில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. மீட்டரில் 13 ரூபாய் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 12(d − 1.8) = −12, d − 1.8 = −1, d = 0.8. படிகள் எல்லாம் சரி, திருப்பிப் போட்டாலும் 25 − 12 = 13 என்று பொருந்துகிறது. ஆனால் 0.8 கிலோமீட்டர் போனால் மீட்டரில் 25 ரூபாய்தானே காட்டும்? இந்தச் சமன்பாடு 1.8 கிலோமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும் தூரத்துக்கு மட்டும் எழுதியது. அந்த 1.8 ஏன் வந்தது என்று தெரிந்தவருக்கு 0.8 என்ற விடையைப் பார்த்ததும் உறுத்தும். படிகளை மட்டும் தெரிந்தவர் அடிக்கோடிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

சரி, இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்தால் போதும், எப்போதும் விடை சரியாக வரும் என்று இப்போது தோன்றலாம். அங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் விழும் பள்ளம் பெரும்பாலும் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

x² = 5x. என்னிடம் வரும் பத்தாம் வகுப்புப் பையன் இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்து x = 5 என்று எழுதினான். 25 = 25, பொருந்துகிறது. ஆனால் x = 0 என்று போட்டாலும் 0 = 0, அதுவும் பொருந்துகிறதே? ஒரு விடை காணாமல் போய்விட்டது. எந்தப் படியில் போனது? x-ஆல் வகுத்த படியில். x என்பது என்ன எண் என்று நமக்கு இன்னும் தெரியாது, அது பூஜ்ஜியமாகவும் இருக்கலாம், பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. வகுத்த அந்த நொடியே "x பூஜ்ஜியம் இல்லை" என்று நாமாக முடிவு செய்துவிட்டோம், யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் x² − 5x = 0, x(x − 5) = 0 என்று காரணிப்படுத்தி எழுதுகிறோம். இரண்டு எண்களைப் பெருக்கிப் பூஜ்ஜியம் வந்தால் அதில் ஒன்றாவது பூஜ்ஜியமாக இருந்தே தீர வேண்டும், எனவே x = 0 அல்லது x = 5.

அந்தக் கடைசி வாக்கியத்தை லேசாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். பூஜ்ஜியத்துக்கு மட்டும்தான் இந்தக் குணம். இதைச் சோதிக்க நான் கொடுக்கும் கணக்கு இது.

(x − 2)(x − 3) = 6

காரணிப்படுத்தும் கணக்குகளை வடிவத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் உடனே x − 2 = 6, x − 3 = 6, ஆக x = 8 அல்லது 9 என்று எழுதுவார்கள். 8-ஐப் போட்டால் 6 × 5 = 30. 9-ஐப் போட்டால் 7 × 6 = 42. இரண்டுமே ஆறு இல்லை. பெருக்கி ஆறு வர 2 × 3, 1 × 6, ½ × 12, (−2) × (−3) என்று எத்தனையோ வழி இருக்கிறது, ஒன்றாவது ஆறாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விரித்து எழுதினால் x² − 5x + 6 = 6, அதாவது x² − 5x = 0, மேலே போட்ட அதே கணக்கு. விடை 0, 5. இதைக் கண்டுபிடித்ததும் அந்தப் பையன் "அட, அதேதான்கா!" என்று சத்தம் போட்டுவிட்டான்.

x-ஆல் வகுத்தபோது ஒரு விடை தொலைந்தது. இதற்கு நேர் எதிராக, இல்லாத விடை ஒன்று உள்ளே நுழைவதும் உண்டு.

√(x + 6) = x
x + 6 = x²
x² − x − 6 = 0
(x − 3)(x + 2) = 0
x = 3 அல்லது x = −2

x = 3 என்றால் √9 = 3, சரி. x = −2 என்றால் √4 என்பது 2, அது −2 ஆகாது. புத்தகங்களில் "−2 பொருந்தாது" என்று ஒரு வரி மட்டும் இருக்கும், பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்து, மைனஸ் விடை என்றால் தூக்கிப் போட வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். அது தப்பு. √(x + 6) = −x என்ற கணக்கில் −2 தான் சரி, 3 தான் தப்பு, போட்டுப் பார்த்தால் தெரியும். விடையின் குறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு எண்கள் சமம் என்றால் அவற்றின் வர்க்கங்களும் சமம், அது உண்மை. ஆனால் வர்க்கங்கள் சமம் என்பதால் எண்கள் சமம் என்று சொல்ல முடியாது, 2-க்கும் −2-க்கும் வர்க்கம் 4 தான். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்திய அந்தப் படி ஒருவழிப் பாதை.

ஒவ்வொரு படியிலும் என்னிடம் வரும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்வது இந்த இரண்டு கேள்விகளைத்தான். மேல் வரி உண்மையாக இருந்தால் கீழ் வரி கட்டாயம் உண்மையா? கீழ் வரி உண்மையாக இருந்தால் மேல் வரி கட்டாயம் உண்மையா? 7 கழிப்பதில் இரண்டுக்கும் ஆமாம், திரும்ப 7 கூட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். 3-ஆல் வகுப்பதிலும் அப்படியே. x-ஆல் வகுப்பதில் முதல் கேள்விக்கே இல்லை, x பூஜ்ஜியமாக இருந்தால் மேல் வரி உண்மை, கீழ் வரி பொய், அதனால் விடை தொலையும். வர்க்கப்படுத்துவதில் இரண்டாவது கேள்விக்கு இல்லை, அதனால் போலி விடை சேரும். பூஜ்ஜியத்தால் பெருக்கினால் என்ன ஆகும் என்பதையும் இதே கேள்விகளை வைத்து யோசித்துப் பாருங்கள், எந்த எண்ணைப் போட்டாலும் 0 = 0 என்று வந்து நிற்கும்.

அசமன்பாட்டில் "மைனஸால் வகுத்தால் குறி திரும்பும்" என்பதும் இப்படி ஒரு மந்திரம்தான், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2 < 5 என்பது உண்மை. இரண்டையும் −1-ஆல் பெருக்குங்கள், −2, −5. எண்கோட்டில் பூஜ்ஜியத்தை நடுவில் வைத்துக் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் புரண்டுவிடும், வலது பக்கம் தூரத்தில் இருந்தது இடது பக்கம் தூரத்துக்குப் போய்விடும், அதனால் −2 > −5. கூட்டினாலோ கழித்தாலோ இரண்டு எண்களும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்கின்றன, யார் வலது யார் இடது என்பது மாறாது. மைனஸ் எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் மட்டும் குறி திரும்புவது இதனால்தான்.

இதையெல்லாம் தீர்த்த கணக்குகளை வைத்தே பழகலாம். நோட்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரு தீர்த்த கணக்கை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கத்தில் பென்சிலால் "இரண்டு பக்கமும் என்ன செய்தேன்" என்று எழுதுங்கள். "25 அந்தப் பக்கம் போனது" என்று எழுதக் கூடாது, "இரண்டு பக்கமும் 25 கழித்தேன்" என்று எழுத வேண்டும். எழுத முடியாமல் எந்த வரியில் பென்சில் நிற்கிறதோ அந்த வரிதான் தெரியாத வரி, அதை மட்டும் பிடித்துக்கொண்டு யாரிடமாவது கேளுங்கள். அப்புறம் கணக்கில் ஒரு எண்ணை மாற்றுங்கள், 85-க்குப் பதில் 97 என்று வையுங்கள், எந்தெந்த வரி மாறும், எது மாறாது என்று போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். விடையைத் திரும்ப முதல் வரியில் போட்டுச் சரிபார்ப்பதை விடவே வேண்டாம். முதல் வரியில்தான் போட வேண்டும், நடுவில் ஏதோ ஒரு வரியில் போட்டால் அந்த −2 போலித்தனம் தெரியாது, x + 6 = x² என்ற வரியில் அது அழகாகப் பொருந்தும்.

ஆரம்பத்தில் இதற்கு நேரம் பிடிக்கும். பத்து கணக்கு போடும் நேரத்தில் மூன்றுதான் முடியும், டியூஷனில் மற்றவர்கள் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்கள் என்று பிள்ளை பதறும், வீட்டிலும் பதறுவார்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதைத் தொடங்கினால் கஷ்டம், அதை மறைக்க விரும்பவில்லை. அதே மாதிரி வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், 7 × 8-க்கு ஒவ்வொரு தடவையும் யோசித்தால் படியைப் பற்றி யோசிக்க மூளையில் இடம் இருக்காது. √4 என்று எழுதினால் மைனஸ் இல்லாத 2-ஐ மட்டும்தான் குறிக்கும் என்பது போன்ற வரையறைகளும் மனதில் இருக்க வேண்டும், அவை எல்லோரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு, யோசித்து வரவழைக்க முடியாது.

எட்டாம் வகுப்புப் பெண் இப்போது நோட்டில் வலது பக்கம் ஒரு கோடு போட்டு, காரணம் எழுதத் தனி இடம் விட்டிருக்கிறாள். போன வாரம் 5 − x = 2 என்று ஒரு கணக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் "ரெண்டு பக்கமும் x கூட்டினேன்" என்று எழுதி, 5 = 2 + x என்று அடுத்த வரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "அக்கா, ரெண்டு பக்கமும் மைனஸ் ஒண்ணால பெருக்கியிருந்தாலும் வந்திருக்கும்ல?"

"போட்டுப் பாரு" என்றேன்.